செவ்வகத்துக்கு வெளியே மிஞ்சும் துண்டு: யங் சமனிலியைப் பரப்பால் பார்ப்பது

a, b இரண்டும் மிகை எண்கள். அவற்றின் பெருக்கற்பலன் ab எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். ஆனால் அந்த வரம்பில் a தனியாகவும் b தனியாகவும் நிற்க வேண்டும். பெருக்கலாகப் பின்னிக் கிடப்பதைப் பிரித்து, கூட்டலாக எழுத வேண்டும். இதைச் செய்து தருவதுதான் யங் சமனிலி:

ab ≤ a^p/p + b^q/q

இங்கே p, q இரண்டும் 1-ஐவிடப் பெரிய எண்கள். அவற்றுக்கிடையே 1/p + 1/q = 1 என்ற உறவு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டை இணை அடுக்குகள் என்று சொல்வோம்.

கல்லூரியில் எனக்கு இதை மடக்கைச் சார்பின் வளைவைக் கொண்டு நிரூபித்துக் காட்டினார்கள். நான்கு வரிதான், ஒரு வரியிலும் பிழை கிடையாது. ஆனாலும் என் கேள்விகள் அப்படியே நின்றன. அடியில் p ஏன் வந்து உட்கார்ந்தது? 1/p + 1/q = 1 என்ற நிபந்தனையை யார் கொண்டுவந்தார்கள்? வலப்பக்கம் பெரிது என்றால், எவ்வளவு பெரிது, அந்த மிச்சம் எங்கே இருக்கிறது? பரப்பளவு வழியாகச் செய்த நிரூபணத்தைப் பார்த்த அன்றுதான் இந்த மூன்றுக்கும் விடை ஒரே படத்தில் கிடைத்தது. அந்தப் படத்தைத்தான் இங்கே வரையப் போகிறோம். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் p = 2 என்று எடுத்துக்கொள்வோம். அப்போது q-உம் 2 ஆகிவிடும். சமனிலி ab ≤ a²/2 + b²/2 என்று வரும். பள்ளியில் பார்த்த கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி உறவுதான் இது, வேறு உடையில் வந்திருக்கிறது. இதைப் படமாக்க y = x என்ற சாய்ந்த கோட்டை ஆதிப்புள்ளியிலிருந்து வரையுங்கள். x-அச்சில் 5 வரையும் y-அச்சில் 3 வரையும் சென்று ஒரு செவ்வகம் போடுங்கள். அதன் பரப்பு 15. இப்போது கோட்டுக்குக் கீழே, x = 5 வரை உள்ள முக்கோணத்தின் பரப்பு 25/2. கோட்டுக்கும் y-அச்சுக்கும் நடுவே, y = 3 வரை உள்ள முக்கோணத்தின் பரப்பு 9/2. இரண்டையும் கூட்டினால் 17.

செவ்வகத்தை இந்த இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து முழுதாக மூடிவிடுகின்றன, ஓரிடமும் விடுபடவில்லை. ஆனால் கீழ் முக்கோணம் செவ்வகத்தின் மேல்விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நீட்சி, பக்கம் 2 உள்ள ஒரு செங்கோண முக்கோணம். அதன் பரப்பு 2. பதினேழுக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த 2-தான். அதாவது மிச்சத்தை விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

இனிச் செய்யப் போவது ஒன்றே ஒன்று. நேர்கோட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு வளைவரையைப் போடப் போகிறோம்.

p = 3 என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். a³/3 என்ற பரப்பு நமக்கு வேண்டும். x²-ஐ 0 முதல் a வரை தொகையிட்டால் a³/3 வரும். ஆகவே வரைய வேண்டிய வளைவரை y = x². அடுக்கு p-யிலிருந்து ஒன்று குறைந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். தொகையிடும்போது அடுக்கு ஒன்று கூடும், கூடிய அடுக்கு அடியில் வகுக்கும் எண்ணாக வந்து நிற்கும். அடியில் உள்ள p வந்த வழி இவ்வளவுதான்.

இப்போது அதே வளைவரையை y-அச்சின் பக்கமிருந்து பாருங்கள். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வளைவரைக்குக் ‘கீழே’ உள்ள பரப்பு மட்டுமே பழகிப்போயிருப்பதால், இடப்பக்கம் உள்ள பரப்பை எப்படிக் கணக்கிடுவது என்று கை நின்றுவிடும். தாளைத் திருப்பி, y-அச்சு படுத்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். y = x² என்பதை x-க்காகத் தீர்த்தால் x = √y. இதுதான் நேர்மாறு சார்பு. √y-ஐ 0 முதல் b வரை தொகையிட்டால் அடுக்கு 1/2 என்பது 3/2 ஆகும், அதே 3/2 அடியிலும் வரும். ஆக, இடப்பக்கப் பரப்பு b^(3/2) ÷ (3/2), அதாவது (2/3)·b^(3/2).

இங்கே q = 3/2 என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. y = x² என்று வரைந்தோம், அதைத் திருப்பிப் பார்த்தோம், q தானாக வந்துவிட்டது. 1/3 + 2/3 = 1 என்பதும் கூடவே வந்துவிட்டது. இதையும் படத்தில் பார்க்கலாம். பக்கம் 1 உள்ள சதுரத்தை y = x² மூலைக்கு மூலை வெட்டிச் செல்கிறது. கீழே உள்ள துண்டு 1/3, மேலே இடப்பக்கம் உள்ள துண்டு 2/3. சதுரத்தின் பரப்பு 1. இணை அடுக்கு நிபந்தனை என்று பெரிய பெயரோடு சொல்லப்படுவது, ஒரு சதுரத்தை இரண்டாக வெட்டினால் துண்டுகளின் பரப்பு சேர்ந்து 1 ஆகும் என்ற செய்திதான்.

இனி வரைபடத்தாளில் இதைச் செய்து பார்ப்போம். மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாளில் 1 சென்டிமீட்டரை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலகுச் சதுரத்துக்குள் 100 சிறு கட்டங்கள் இருக்கும். y = x² வளைவரை (0,0), (1,1), (2,4) வழியாகச் செல்லும். a = 2, b = 1 என்று ஒரு செவ்வகம் வரையுங்கள், அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். அதன் பரப்பு 2.

கீழ்ப்பரப்பு a³/3 = 8/3. இடப்பரப்பு (2/3)·1 = 2/3. கூட்டினால் 10/3. செவ்வகத்தைவிட 4/3 அதிகம். அந்த அதிகம் எங்கே என்று தேடுங்கள். வளைவரை (1,1)-இல் செவ்வகத்தின் மேல்விளிம்பைக் கடந்து வெளியே போகிறது. அங்கிருந்து x = 2 வரை, மேல்விளிம்புக்கு மேலேயும் வளைவரைக்குக் கீழேயும், சுறாவின் முதுகுத் துடுப்புபோல ஒரு துண்டு நிற்கும். அதிலுள்ள சிறு கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் உள்ளே இருப்பதைச் சேர்த்து, பாதிக்குக் குறைந்ததை விட்டுவிட்டால், ஏறத்தாழ 133 கட்டங்கள் வரும். 4/3 அலகு என்பது 133 கட்டங்களும் மூன்றில் ஒரு பங்கும்தான்.

செவ்வகத்தை மாற்றிப் பாருங்கள். a = 1, b = 4 என்றால் ஒடுக்கமாக, உயரமாக இருக்கும். பரப்பு 4. கீழ்ப்பரப்பு 1/3. இடப்பரப்பு (2/3)·8 = 16/3. கூட்டினால் 17/3. மிச்சம் 5/3. இந்தத் தடவை மிச்சத் துண்டு மேலே இல்லை, செவ்வகத்தின் வலப்பக்கம் இருக்கிறது. வளைவரை (1,1)-இல் வலது விளிம்பைக் கடந்து சென்றுவிட்டதால், y = 1 முதல் y = 4 வரை இடப்பரப்பு அந்த விளிம்பைத் தாண்டி வலப்பக்கம் பிதுங்குகிறது.

a = 2, b = 4 என்று எடுத்தால்? செவ்வகத்தின் மூலை வளைவரை மேலேயே வந்து உட்காரும். 8/3 + 16/3 = 8. பெருக்கற்பலனும் 8. எந்தப் பக்கமும் எதுவும் நீட்டிக்கொண்டில்லை. ஆகவே சமக்குறி வருவது மூலை வளைவரையில் இருக்கும்போது மட்டும்தான், b = a² ஆகும்போது. பொதுவாகச் சொன்னால் b = a^(p−1). இதை a^p = b^q என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றே.

மூன்று படம் வரைந்துவிட்டோம் என்பதால் நிரூபணம் முடிந்துவிடாது. படம் எப்போதும் நாம் வரைந்த இடத்தை மட்டுமே காட்டும். ஆனால் படத்திலிருந்து நிரூபணத்தை எடுப்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். செவ்வகத்துக்குள் ஏதாவது ஒரு புள்ளி (x, y) எடுங்கள். அதன் x, a-ஐத் தாண்டாது, y, b-ஐத் தாண்டாது. அந்தப் புள்ளி வளைவரையின் மேலோ கீழ்ப்பக்கமோ இருந்தால், x ≤ a என்பதால் அது கீழ்ப்பரப்பில் சேர்ந்துவிடும். இல்லையென்றால் அது வளைவரைக்கு இடப்பக்கம் இருக்கிறது, y ≤ b என்பதால் இடப்பரப்பில் சேர்ந்துவிடும். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. செவ்வகத்தின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு பரப்புகளில் ஒன்றுக்குள் அடங்குவதால், அந்த இரண்டின் கூட்டுத்தொகை செவ்வகத்தைவிடக் குறைய வழியில்லை.

p எதுவானாலும் இதே கதைதான். y = x^(p−1) என்று வரைந்தால் கீழ்ப்பரப்பு a^p/p. திருப்பினால் x = y^(1/(p−1)). தொகையிட்டால் அடுக்கு 1/(p−1) + 1, அதாவது p/(p−1). இதுவே q. 1/q = (p−1)/p = 1 − 1/p என்பதால் இணை அடுக்கு உறவும் கைக்கு வந்துவிடுகிறது. p = 4 என்றால் q = 4/3. p = 5 என்றால் q = 5/4. ஒன்று பெரிதாகப் பெரிதாக மற்றது 1-ஐ நோக்கி இறங்கும். p = 1 ஆகிவிட்டால் வளைவரை y = 1 என்ற தட்டைக் கோடாகிவிடும். அதைத் திருப்பி வாசிக்க முடியாது, ஒரே y-க்கு எண்ணற்ற x இருக்கும். அதனால்தான் இரண்டும் 1-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறோம்.

இணையாக இல்லாத அடுக்குகளைப் போட்டால் என்ன ஆகும்? இரண்டுக்கும் 3 என்று போட்டுப் பாருங்கள்: ab ≤ a³/3 + b³/3 உண்மையா? a, b இரண்டும் 1/10 என்றால் இடப்பக்கம் 0.01. வலப்பக்கம் ஏறத்தாழ 0.00067. உடைந்துவிட்டது. சரி, இரண்டுக்கும் 3/2 போடுவோம். a, b இரண்டும் 100 என்றால் இடப்பக்கம் 10000. வலப்பக்கம் (2/3)·1000 இரண்டு தடவை, சுமார் 1333. இதுவும் உடைந்துவிட்டது. முதலாவதில் தலைகீழ்களின் கூட்டல் 1-ஐவிடக் குறைவு, ஆகவே சிறிய எண்களில் அடி வாங்கியது. இரண்டாவதில் கூட்டல் 1-ஐவிட அதிகம், ஆகவே பெரிய எண்களில் அடி வாங்கியது. முன்னால் எவ்வளவு பெரிய மாறிலி போட்டுப் பெருக்கினாலும் தப்பிக்க முடியாது. எண்களை இன்னும் சிறிதாகவோ பெரிதாகவோ எடுத்தால் மறுபடி உடையும். எந்த அளவிலும் தாக்குப்பிடிப்பது இணை அடுக்குகள் மட்டுமே. தேர்வில் அடுக்குகளை மாற்றி எழுதிவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தால், மிகச் சிறிய எண் ஒன்று, மிகப் பெரிய எண் ஒன்று போட்டுப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும்.

இனி ஒரு நியாயமான குறை. a = 10, b = 1 என்று எடுத்தால் பெருக்கற்பலன் 10. ஆனால் p = 3 வைத்து வரும் வரம்பு 1000/3 + 2/3 = 334. இப்படி ஒரு வரம்பால் என்ன பயன் என்று கேட்கலாம். மூலை வளைவரையைவிட்டு வெகுதூரத்தில் இருப்பதால் வந்த வினை இது. மருந்தும் படத்திலேயே இருக்கிறது. செவ்வகத்தின் அகலத்தை ஐந்தில் ஒரு பங்காக்கி, உயரத்தை ஐந்து மடங்காக்குங்கள். பரப்பு மாறாது, ஆனால் மூலை (10, 1)-இலிருந்து (2, 5)-க்கு நகர்ந்துவிடும். அது (2, 4)-க்குப் பக்கத்தில், வளைவரைக்கு வெகு அருகே. இப்போது வரம்பு 8/3 + (2/3)·5√5, ஏறத்தாழ 10.12. அதே 10-க்கு 334-க்குப் பதில் 10.12. சமனிலியைப் பயன்படுத்துவதற்கு முன்னால் a-ஐ ஒரு எண்ணால் வகுத்து b-ஐ அதே எண்ணால் பெருக்கிக்கொள்வது ஏமாற்று வேலை இல்லை. பகுவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள் பக்கம் போனால் தினமும் செய்யும் வேலை இது.

வில்லியம் ஹென்றி யங் 1912இல் இதை வெளியிட்டபோது அவர் அடுக்குகளோடு நிற்கவில்லை. இங்கிலாந்துக்காரரான அவர் அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஹார்டிஞ்ச் பேராசிரியர் பதவியை ஏற்றார். மேலே சொன்ன இரண்டு வாக்கிய நிரூபணத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். அதில் x^(p−1) என்ற சொல்லே இல்லை. வளைவரை ஆதிப்புள்ளியில் தொடங்க வேண்டும், இடையில் அறுபடாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும், b உயரத்தை எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். y = e^x − 1 என்று போட்டாலும் செல்லும். அதன் கீழ்ப்பரப்பு e^a − a − 1. திருப்பினால் x = ln(1 + y), இடப்பரப்பு (1 + b)·ln(1 + b) − b. a = b = 1 என்றால் முதலாவது சுமார் 0.718, இரண்டாவது சுமார் 0.386. கூட்டினால் 1.104-ஐத் தாண்டும், செவ்வகம் 1. அடுக்குகளுக்கு மட்டுமே உரிய சமனிலி என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய திறப்பு. ஒரு சிறு எச்சரிக்கை: இதே யங் பெயரில் சார்புகளின் சுருளலுக்கு வேறொரு சமனிலியும் உண்டு. தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு எண்வரிசைகளை ஒன்றுக்கொன்று பெருக்கிக் கூட்டினால் வரும் தொகைக்கு வரம்பு தருவது ஹோல்டர் சமனிலி. யங் சமனிலி அதிகம் உழைப்பது அதை நிரூபிக்கும் இடத்தில். பொது நிரூபணத்தை எழுதாமல் ஒரு கணக்காகவே செய்கிறேன், நிரூபணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் வரிசையில் 3, 4, 5. இரண்டாவது வரிசையில் 25, 16, 9. ஒன்றுக்கொன்று பெருக்கிக் கூட்டினால் 75 + 64 + 45 = 184. முதல் வரிசையின் கனங்களைக் கூட்டினால் 27 + 64 + 125 = 216. அதன் கனமூலம் 6. இரண்டாவது வரிசையில் ஒவ்வொன்றுக்கும் 3/2 அடுக்கு எடுத்தால் 125, 64, 27. கூட்டல் மறுபடியும் 216, அதன் 2/3 அடுக்கு 36. ஹோல்டர் சொல்வது 184 ≤ 6 × 36 = 216.

ஏன் என்று பார்ப்போம். முதல் வரிசையை 6-ஆல் வகுத்து 1/2, 2/3, 5/6 என்று எழுதுங்கள். இரண்டாவதை 36-ஆல் வகுத்து 25/36, 4/9, 1/4 என்று எழுதுங்கள். இப்போது முதல் வரிசையின் கனங்கள் சேர்ந்து சரியாக 1, இரண்டாவதின் 3/2 அடுக்குகள் சேர்ந்தும் சரியாக 1. மூன்று இணைகளை மூன்று செவ்வகங்களாக y = x² படத்தில் வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் யங் சமனிலியைப் போட்டுக் கூட்டினால், வலப்பக்கம் 1/3 + 2/3 = 1. ஆகவே செவ்வகங்களின் மொத்தப் பரப்பு 1-ஐத் தாண்டாது. வகுத்ததைத் திரும்பப் பெருக்கினால் 216 வந்துவிடும்.

எஞ்சிய 32 எங்கே போனது? செவ்வகம் செவ்வகமாகப் பார்ப்போம். நடுச் செவ்வகத்தின் மூலை (2/3, 4/9). 4/9 என்பது 2/3-இன் வர்க்கம். மூலை வளைவரை மேல் இருக்கிறது, மிச்சம் எதுவும் இல்லை. முதல் செவ்வகம் (1/2, 25/36) உயரமானது. அதன் வலப்பக்கம் பிதுங்கும் துண்டு 52/648. மூன்றாவது (5/6, 1/4) குட்டையானது. அதன் தலைக்கு மேல் நிற்கும் துண்டு 44/648. இரண்டும் சேர்ந்து 96/648. அதை 216-ஆல் பெருக்கினால் 32.